சிவிலைசேஷன் 6: 250ஆவது சுற்றுக்குப் பிறகு எதற்காகக் காத்திருக்கிறோம்?

பல நாகரிகங்கள் ஒரே உலகத்தில் மாறி மாறி, சுற்றுச் சுற்றாக நகரும் கணினி உத்தி விளையாட்டான சிவிலைசேஷன் 6-ஐ ஆறு ஆண்டுகளாக ஒரே மடிக்கணினியில் ஆடி வருகிறேன். ஆட்டத்தின் முதல் 50 சுற்றுகளில், சுற்றை முடிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுப்பதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். 250 சுற்றுகளைத் தாண்டிய பின் அதே பொத்தானை அழுத்திவிட்டு முக்கால் நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் நானும் பலரைப் போல கிராஃபிக்ஸ் அமைப்புகளை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தேன். நிழல்கள் மறைந்தன, கடல் அலைகள் மங்கின, காத்திருக்கும் நேரம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் எதை மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்று கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை வைத்து அளக்கத் தொடங்கினேன். அந்த அளவீடுகளையும், அவற்றிலிருந்து நான் புரிந்துகொண்ட காரணங்களையும் இங்கே எழுதுகிறேன்.

அளவீட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, மிகப் பெரிய வரைபடத்தில் 12 நாகரிகங்களோடு ஆடிய ஓர் ஆட்டத்தின் 280ஆவது சுற்றில் சேமித்த கோப்பு. ஒவ்வொரு முறையும் அதே கோப்பைத் திறந்து, எந்த யூனிட்டுக்கும் புதிய கட்டளை தராமல், தொடர்ந்து ஐந்து சுற்றுகளை முடித்து, சராசரி நேரத்தைக் குறித்துக்கொண்டேன். வெவ்வேறு சுற்றுகளை ஒப்பிட்டால் கணக்கு பிழையாகிவிடும், ஏனெனில் இரண்டு நாடுகள் போர் தொடுத்த சுற்றும் அமைதியான சுற்றும் ஒரே அளவு நேரம் எடுப்பதில்லை. விளையாட்டுக்குள்ளேயே கணினியின் சுற்று நேரத்தை அளக்கும் `AI Benchmark` இருக்கிறது. இரண்டு கணினிகளை ஒப்பிடுவதற்கு அது நன்றாகப் பயன்படும், ஆனால் நம்முடைய ஆட்டம் ஏன் தாமதிக்கிறது என்பதை நம்முடைய கோப்பில்தான் பார்க்க முடியும்.

முதல் அளவீட்டில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 50 வினாடி ஆனது. கிராஃபிக்ஸ் அமைப்புகள் அனைத்தையும் உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறக்கியபோது 49 வினாடி. வரைபடத்தைத் தட்டையான படமாகக் காட்டும் `Strategic View`-க்கு மாறி, வரையும் வேலையை இன்னும் குறைத்துப் பார்த்தபோதும் நேரம் சொல்லத்தக்க அளவில் மாறவில்லை. அந்த நேரத்தில் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலியின் வரைபடத்தில் வலது சொடுக்கி `Logical processors` என்ற காட்சிக்கு மாறினால் காரணம் கண்ணுக்குத் தெரியும். மொத்தப் பயன்பாடு கால்வாசி அளவில் இருக்கும்போதே ஓரிரு கோர்கள் மட்டும் உச்சத்தை ஒட்டி ஓடும், மற்றவை ஓய்ந்திருக்கும். "என் கணினி பாதிகூட வேலை செய்யவில்லை, பிறகு ஏன் இந்தத் தாமதம்" என்று கேட்பவர்கள் அந்த மொத்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள்.

வேலை ஓரிரு கோர்களில் குவிவதற்கு ஆட்டத்தின் அமைப்பே காரணம். ஒரு நாகரிகம் தன் படையை நகர்த்தி முடித்த பிறகு வரைபடம் எப்படி இருக்கிறதோ, அதைப் பார்த்துத்தான் அடுத்த நாகரிகம் முடிவெடுக்க வேண்டும். ஒருவர் காய் நகர்த்தும் முன்பே மற்றவர் தன் காயைத் தீர்மானிக்க முடியாது அல்லவா, அதைப் போல. ஆகவே பெரும்பகுதி வேலை வரிசையாகவே நடக்கிறது, அதைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அதிக இடமில்லை. புதிய கணினி வாங்க நினைப்பவர்கள், இந்த ஒரு தேவைக்காக மட்டும் என்றால், கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகத்தைப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் பிற்பகுதியில் மட்டும் அந்த வேலை ஏன் இவ்வளவு பெருகுகிறது? யூனிட்டுகளின் எண்ணிக்கை கூடுவது பாதிக் காரணம்தான். ஒவ்வொரு யூனிட்டும் பாதை தேடும் பரப்பு விரிவதே, என் புரிதலில், பெரிய காரணம். 30ஆவது சுற்றில் ஒரு போர்வீரன் சமவெளியில் இரண்டு கட்டம் போவான், கடல் அவனுக்குச் சுவர். கடலில் இறங்கவும், பிறகு ஆழ்கடலைக் கடக்கவும் தொழில்நுட்பம் வந்தவுடன் அதே படைக்கு உலகம் முழுவதும் திறந்துவிடுகிறது, பாதை தேடும்போது பரிசீலிக்க வேண்டிய கட்டங்களும் அதற்கேற்பப் பெருகுகின்றன. இதோடு, ஒரு கட்டத்தில் ஒரு படை மட்டுமே நிற்கலாம் என்ற விதியும் சேர்கிறது. இலக்கை அடைய வழி இருந்தால் தேடல் அதைக் கண்டதும் நின்றுவிடும். குறுகலான நிலப்பகுதியில் பத்து யூனிட்டுகள் அடைத்துக்கொண்டு நின்றால், வழி இல்லை என்று முடிவுசெய்வதற்கு எட்டக்கூடிய இடங்களையெல்லாம் தேடித் தீர்க்க வேண்டும். பாதை தேடும் நிரல்களுக்கு இப்படிப்பட்ட தோல்விதான் மிகவும் செலவு பிடிக்கும் வேலை. மதப் பரப்புநர்கள் கூட்டம் கூட்டமாக ஒரு நகரைச் சுற்றி நின்று, சுற்றுக்குச் சுற்று ஒரு கட்டம் இந்தப் பக்கமும் ஒரு கட்டம் அந்தப் பக்கமும் அலைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நெரிசல் புரியும்.

இதுவரை சொன்னது கணினி யோசிக்கும் நேரம். காத்திருப்பில் இன்னொரு பகுதி, யோசித்து முடித்ததை நமக்குக் காட்டும் நேரம். நம் பார்வை எல்லைக்குள் நடக்கும் ஒவ்வொரு நகர்வையும் தாக்குதலையும் விளையாட்டு அசைவுப் படமாகக் காட்டுகிறது. பிற்பகுதியில் நம் எல்லை விரிந்திருக்கும், நகரங்கள் பரவியிருக்கும், கூட்டணி நாடுகளின் பார்வையும் நமக்குக் கிடைத்திருக்கும். நமக்குத் தொடர்பே இல்லாத ஒரு போரின் ஒவ்வொரு அடியையும் கூட்டாளியின் கண் வழியாகப் பார்த்து முடித்த பிறகே நம் சுற்று வருகிறது. கூட்டணி சேர்ந்த மறு சுற்றிலேயே காத்திருப்பு நீண்டதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். தொடக்கத்தில் இதை வேறு ஏதோ கோளாறு என்று எண்ணினேன்.

இந்தப் பகுதியைக் குறைப்பவை அமைப்புகளில் உள்ள `Quick Movement`, `Quick Combat` ஆகிய இரண்டும். இரண்டையும் இயக்கியதும், அதே 280ஆவது சுற்றுக் கோப்பில் 50 வினாடி 35 ஆகக் குறைந்தது. நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்கு இதைவிடப் பயனுள்ள அமைப்பை நான் காணவில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எதிரிப் படை எந்தத் திசையிலிருந்து வந்தது, என் வில்லாளரை அடித்தது யார் என்பதெல்லாம் கண்முன்னே நடக்காமல், அறிவிப்புகளைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிடும். ஆகவே அமைதிக் காலத்தில் இரண்டையும் இயக்கிவைக்கிறேன். என் எல்லையில் போர் மூண்டால் `Quick Movement`-ஐ மட்டும் அணைத்துவிடுகிறேன், அந்தச் சில வினாடிகள் அப்போது வீணாவதில்லை.

மீதமுள்ள 35 வினாடியும் கணினி யோசிக்கும் நேரம். அதைக் குறைக்கும் அமைப்புகள் விளையாட்டின் நடுவில் இல்லை, புதிய ஆட்டத்தைத் தொடங்கும் பக்கத்தில் இருக்கின்றன. மிகப் பெரிய வரைபடமான `Huge` 106 × 66, அதாவது 6,996 கட்டங்கள் கொண்டது. தானாக அமையும் எண்ணிக்கைப்படி அதில் 12 நாகரிகங்களும் 18 நகர அரசுகளும் இருக்கும். `Standard` 84 × 54, அதாவது 4,536 கட்டங்கள், 8 நாகரிகங்கள், 12 நகர அரசுகள். கட்டங்களும் நாகரிகங்களும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகின்றன. ஆனால் நாடுகளுக்கிடையே உள்ள உறவுகளைக் கணக்கிட்டால், 12 நாகரிகங்களுக்கு 66 இணைகள், 8 நாகரிகங்களுக்கு 28 இணைகள் மட்டுமே. போர், வணிகம், உடன்படிக்கை, பகை என்று எடைபோட வேண்டியவை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. `Standard` வரைபடத்தில் புதிதாக ஆடி 280ஆவது சுற்றுக்கு வந்தபோது, இரண்டு விரைவு அமைப்புகளோடு எனக்கு 18 வினாடி ஆனது. வேறு ஆட்டம் என்பதால் இதைத் துல்லியமான ஒப்பீடாகக் கொள்ளக்கூடாது. இருந்தாலும் அதன் பிறகு ஆடிய மூன்று ஆட்டங்களிலும் இந்த அளவை ஒட்டியே வந்தது.

வினாடிக் கணக்காகச் சொன்னால் இது சிறிதாகத் தோன்றலாம். 200ஆவது சுற்றிலிருந்து 330 வரை 130 சுற்றுகள் ஆடுவதாகவும், சுற்றுக்கு 50 வினாடி ஆவதாகவும் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 108 நிமிடம் வெறுமனே காத்திருக்கிறோம். 35 வினாடியானால் அது 76 நிமிடம், 18 வினாடியானால் 39 நிமிடம்.

பெரிய உலகம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. `Huge` வரைபடத்தையே எடுத்துக்கொண்டு நாகரிகங்களை எட்டாகவும் நகர அரசுகளை ஆறாகவும் குறைத்து ஆடிப் பார்த்தேன். நேரம் நன்றாகவே குறைந்தது, ஆனால் காலியான நிலத்தைப் பிடித்து ஒவ்வொரு நாடும் கூடுதல் நகரங்களைக் கட்டுவதால், எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. நகர அரசுகளைக் குறைப்பதை, நாகரிகங்களைக் குறைப்பதைவிட நான் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன், ஏனெனில் தூதர்களை அனுப்பி ஆடும் ஆட்டமே அதில் மெலிந்துவிடுகிறது. இறந்தவர்கள் எழுந்து வரும் `Zombies Defense` போன்ற, வரைபடத்தில் யூனிட்டுகளைக் கூட்டும் ஆட்ட வகைகளைப் பெரிய வரைபடத்தோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. ஆட்ட வேகத்தை `Quick` என்று வைத்தால் சுற்று ஒன்றின் நேரம் குறையாது, மொத்தச் சுற்றுகளின் வரம்பு 500-லிருந்து 330 ஆகும். படைகளின் நடை மாறாமல் உற்பத்தியும் ஆராய்ச்சியும் விரைவதால், தொலைதூரப் போருக்கு அனுப்பிய படை போய்ச் சேரும்போது பழையதாகியிருக்கும். போரை விரும்பி ஆடும் எனக்கு அது ஒத்துவரவில்லை.

கிராஃபிக்ஸ் அமைப்புகள் எந்த வகையிலும் உதவாது என்று முழுமையாகச் சொல்லிவிட முடியாது. மடிக்கணினியில் செயலியும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே வெப்பத்தையும் மின்சாரத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு மணி நேரம் ஆடியதும் கணினி சூடேறி, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் ஆடும்போது, ஆட்டம் தொடங்கிய நேரத்தில் 35 வினாடியாக இருந்தது 45-ஐத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே `VSync`-ஐ இயக்கித் திரையின் வேகத்துக்கு வரம்பு கட்டினால் கிராஃபிக்ஸ் சிப் தேவையின்றிச் சூடாவது குறையும், செயலிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். மின் இணைப்பு இல்லாமல் பேட்டரியில் ஆடினால் நிலைமை இன்னும் மோசம். வேறு எந்த அமைப்பையும் தொடும் முன், கணினி மின்சாரத்தில் செருகப்பட்டிருக்கிறதா, விண்டோஸின் மின்பயன்பாடு முழுத் திறனுக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சூட்டினால்தான் தாமதம் என்பதை அறிவதும் எளிது: ஆட்டத்தைச் சேமித்து மூடி, கணினி ஆறிய பிறகு அதே கோப்பைத் திறந்து அளந்தால் நேரம் கீழே இறங்கியிருக்கும்.

தானாகச் சேமிப்பதைச் சில சுற்றுகளுக்கு ஒருமுறை என்று மாற்றுவது பழைய சுழல்தட்டு வன்வட்டு உள்ளவர்களுக்குச் சிறிது உதவலாம். எஸ்எஸ்டி இருக்கும் என் கணினியில் வேறுபாடு தெரியவில்லை, ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சேமிக்கும்படியே விட்டிருக்கிறேன். இப்போது நான் ஆடுவது `Standard` வரைபடம், 8 நாகரிகங்கள், 10 நகர அரசுகள், இரண்டு விரைவு அமைப்புகளும் இயக்கத்தில். நேற்று இரவு 312ஆவது சுற்றில் அளந்தபோது 21 வினாடி ஆனது.