பழுப்பு விழியைப் பூனைக்கண்ணாக்குவது: ஆறு ஆண்டு ஃபோட்டோஷாப் அனுபவம்

தொடர்கதைகளுக்கு ஓவியம் வரையும் மூத்த ஓவியர் ஒருவருக்கு, மாதிரிப் படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலையை ஆறு ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அவர் ஒரு முகத்தைப் புகைப்படமாக எடுத்துத் தருவார். கதாபாத்திரத்துக்கு ஏற்ப அதில் சில மாற்றங்களைக் கேட்பார். அவற்றில் அடிக்கடி வருவதும் என்னை அதிகம் சோதித்ததும் கண்ணின் நிறம்தான், குறிப்பாக நம் ஊர்க் கரும்பழுப்பு விழியைப் பூனைக்கண்ணாக மாற்றுவது. நீல விழியைப் பச்சையாக்குவது அரை மணி நேர வேலை. கரும்பழுப்பை வெளிர் நிறமாக்குவதோ முற்றிலும் வேறு வகைச் சிக்கல் என்பது எனக்குப் புரியவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையத்தை, அதாவது ஐரிஸைத் தேர்ந்தெடுத்து, Hue/Saturation லேயரில் Colorize என்பதைச் சொடுக்கிப் பச்சைப் பக்கம் நகர்த்தினேன். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவ்வளவு இருண்ட இடத்தில் எந்த நிறமும் கறுப்பாகவே தெரியும். Saturation-ஐ ஏற்றியபோது கறுப்பின் மேல் பச்சை மை கசிந்தது போல் ஆயிற்று. Lightness-ஐ ஏற்றியபோது ஐரிஸ் முழுவதும் சாம்பல் பூசிய தட்டாகி இழைகள் மறைந்தன. அந்தப் படத்தைப் பார்த்த ஓவியர், “கண்ணாடிக் கண் வச்ச மாதிரி இருக்கு தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தபோதுதான் எங்கே தவறினேன் என்பது விளங்கியது. நிறமே இல்லாத அந்தப் படங்களிலும் பூனைக்கண் உடையவரை நாம் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். ஆகவே கண்ணின் நிறம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வெளிச்ச அளவுதான். பச்சையும் நீலமும் அதன் மேல் வருகிற மெல்லிய சாயம். இதற்கு உடலியல் காரணமும் உண்டு. ஐரிஸின் பின்னடுக்கு ஏறத்தாழ எல்லோருக்கும் கருமையானதே. வேறுபாடு முன்னடுக்கில் உள்ள மெலனினின் அளவில் இருக்கிறது. பழுப்புக் கண்ணில் அது நிறைந்திருந்து ஒளியை உறிஞ்சிவிடுகிறது. வெளிர் கண்ணில் அது குறைவு என்பதால் ஒளி இழைகளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. நீல விழியில் நீல நிறமி என்று எதுவும் கிடையாது. எனவே நான் மாற்ற வேண்டியது முதலில் வெளிச்சத்தை, அதன் பிறகே நிறத்தை.

வெளிச்சத்தை ஏற்றினால் இழைகள் எங்கிருந்து வரும் என்பதே அடுத்த கேள்வி. விடை சிவப்பு சேனலில் இருந்தது. நீண்ட அலைநீளம் உள்ள ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆதார் பதிவின்போது கண்ணை ஸ்கேன் செய்யும் கருவி அகச்சிவப்புக்கு அண்மையிலான ஒளியைப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால்தான். அந்த ஒளியில் கரும்பழுப்பு விழியின் இழைகளும் தெளிவாகத் தெரியும். புகைப்படத்தின் சிவப்பு சேனல் அந்த அளவுக்குப் போகாது என்றாலும் அதே திசையில் நிற்கிறது. Channels பலகத்தில் Red, Green, Blue ஒவ்வொன்றையும் தனியே சொடுக்கிப் பாருங்கள்: சிவப்பில் ஆரைபோல் விரியும் இழைகளும், பாப்பாவுக்கு வெளியே இருக்கும் சுருக்கு வளையமும், கலங்கலின்றிப் பாப்பாவின் விளிம்பும் தெரியும், நீலத்தில் ஏறத்தாழ இருட்டும் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் மட்டுமே இருக்கும்.

சென்ற ஆண்டு செய்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன். முகத்துக்கு இடப்பக்கம் சன்னல், பகல் வெளிச்சம், RAW-ஆக எடுத்த படம். ஐரிஸின் குறுக்களவு ஏறத்தாழ 180 பிக்சல். அதன் நடுப்பகுதியில் சிவப்பின் மதிப்பு 65, பச்சை 40, நீலம் 25 என்ற அளவில் இருந்தது. ஐரிஸுக்கு ஒரு மாஸ்க் வரைந்து, அதை ஒரு லேயர் குரூப்பில் பொருத்தினேன். மாஸ்க்கின் வெளி விளிம்பை ஐரிஸின் உண்மையான எல்லையிலிருந்து நான்கைந்து பிக்சல் உள்ளே நிறுத்தி மென்மையாக்கினேன். வெளிர் கண்களில் ஐரிஸைச் சுற்றி ஒரு கரு வளையம் எடுப்பாகத் தெரியும். பழைய பழுப்பு விளிம்பை அப்படியே விட்டுவிட்டால் அதுவே அந்த வளையமாகிவிடும். மேல் இமைக்குக் கீழேயும் மாஸ்க் படிப்படியாக மங்க வேண்டும், இல்லையென்றால் இமையின் நிழல் காணாமல் போய்க் கண் முன்னால் துருத்தும்.

குரூப்புக்குள் முதல் லேயர் Channel Mixer. அதில் Monochrome-ஐச் சொடுக்கி, Red மட்டும் 100, மற்றவை 0 என்று வைத்தால் சிவப்பு சேனலின் இழைகள் சாம்பல் நிறத்தில் கிடைக்கும். அதன் மேல் Curves: 65-ஐ 120 வரை உயர்த்தி, 20-க்குக் கீழே உள்ளதை அசையாமல் பிடித்து வைத்தேன். பாப்பா கறுப்பாகவே நிற்க வேண்டும் என்பதற்காக அந்தக் கீழ்ப்புள்ளி.

இந்த இடத்தில்தான் என் மிகப் பெரிய தவறு வெகுநாள் ஒளிந்திருந்தது. Curves-ஐ ஏற்றியதும் ஐரிஸின் மேல் இடப்பகுதி பால் கலந்தது போல் வெளுத்தது. பார்ப்பவர்கள் கண்புரை என்று நினைக்கும் அளவுக்கு இருந்தது. அந்த வெளுப்பு ஐரிஸைச் சேர்ந்ததல்ல. கண்ணின் முன்புறக் கண்ணாடியான கார்னியாவில் எதிரொளித்த சுவரின் மங்கல் பிம்பம். பளிச்சென்ற ஒளிப்புள்ளியை எல்லோரும் கவனிக்கிறோம், ஆனால் அதைச் சுற்றியுள்ள மங்கலான எதிரொளிப்பை யாரும் கவனிப்பதில்லை. ஐரிஸ் வெளிர் நிறமாக இருந்திருந்தாலும் கார்னியாவின் எதிரொளிப்பு மாறியிருக்காது. நானோ இரண்டையும் சேர்த்தே இரு மடங்கு உயர்த்திவிட்டேன்.

இரண்டையும் பிரிக்கும் வழி, நான் இரைச்சல் என்று ஒதுக்கிய நீல சேனலிலேயே இருந்தது. பழுப்பு ஐரிஸ் தன் பங்குக்கு நீல ஒளியை ஏறக்குறையத் திருப்பி அனுப்புவதே இல்லை. ஆகவே ஐரிஸ் பகுதியின் நீல சேனலில் பிரகாசமாகத் தெரிவது எதுவோ அதுவே எதிரொளிப்பு. Channel Mixer-இல் Blue-வை -40 என்று இறக்கியதும் பால்படலம் பெருமளவு விலகி, அதற்கடியில் இருந்த இழைகள் வெளிவந்தன. -80 வரை போனால் சுவரின் பிம்பம் இருந்த இடத்தில் கருந்திட்டு விழுகிறது; திட்டு தெரிவதற்குச் சற்று முன்பே நிறுத்துவதுதான் அளவு, அது படத்துக்குப் படம் மாறும்.

எடுத்துவிட்ட எதிரொளிப்பைத் திருப்பி வைக்க வேண்டும். மூலப் படத்தின் பிரதி ஒன்றைக் குரூப்புக்கு மேலே வைத்து, அதே மாஸ்க்கைக் கொடுத்தேன். அதனுடன் மட்டும் கோக்கப்பட்ட இன்னொரு Channel Mixer-இல் Monochrome-உடன் Blue மட்டும் 100. அதன் மேல் அதேபோல் கோக்கப்பட்ட Levels-இல் கரும்புள்ளியை 40-க்கு நகர்த்தினால் இரைச்சல் கறுப்பில் அடங்கிவிடும். பிரதியின் கலப்பு முறை Screen. சன்னலின் வெள்ளைச் சதுரமும், அதன் குறுக்கே விழுந்த இமை முடிகளின் கோடுகளும், சுவரின் மங்கல் பிம்பமும் பழைய அளவிலேயே புதிய ஐரிஸின் மேல் வந்து அமர்ந்தன. வெள்ளைச் சதுரத்தைச் சுற்றிப் பழுப்பு விளிம்பு எதுவும் இல்லை. தூரிகையால் ஒளிப்புள்ளியை வெட்டி ஒட்டிய காலத்தில் அந்த விளிம்புதான் என்னை எப்போதும் காட்டிக்கொடுக்கும்.

நிறத்துக்கு வரும்போது பெரும்பாலான வேலை முடிந்திருக்கும். Curves-க்கு மேல் ஒரு Gradient Map, மூன்று நிறுத்தங்கள்: இருளுக்கு 22, 20, 16, நடுவுக்கு 98, 100, 70, வெளிச்சத்துக்கு 190, 186, 140. நடு நிறத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால் பச்சை என்றே சொல்ல மாட்டீர்கள், பாசி உலர்ந்த சிமெண்டுத் தரை போல் இருக்கும். சிவந்த தோலுக்கும் வெள்ளை விழிக்கும் நடுவில் வைத்ததும் அதுவே பச்சையாகத் தெரிகிறது. இதைவிடச் செறிவான பச்சை எதை வைத்தாலும் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தது போல் ஆகிவிடும். பாப்பாவை ஒட்டிய வளையத்தில் Color முறையில் ஒரு லேயர் வைத்து, தேன் பழுப்பை 30 விழுக்காட்டு அழுத்தத்தில், இழைகளின் போக்கிலேயே ஒழுங்கற்ற கீற்றுகளாக இழுத்தேன். அதை வட்டமாக வரைந்தால் போயிற்று.

ஒன்றை மட்டும் கையாலேயே சேர்க்க வேண்டியிருந்தது. இடப்பக்கமிருந்து வரும் ஒளி கார்னியாவில் வளைந்து ஐரிஸின் எதிர்ப்பக்கத்தில் விழும். பழுப்புக் கண்ணில் அது அரிதாகவே கண்ணில் படும், வெளிர் கண்ணில் நன்றாகத் தெரியும். எனவே வலப்பக்கக் கீழ் ஓரத்தில் பிறை வடிவில் சற்றே வெளிச்சம் கூட்டினேன். இந்தப் பிறை இல்லாத படத்தில் குறை என்னவென்று யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் விழி தட்டையாக இருக்கிறது என்பார்கள். மற்றக் கண்ணுக்கு எல்லாவற்றையும் நகலெடுத்து ஒட்டாமல் Curves-ஐத் தனியே அமைக்கிறேன், ஏனென்றால் மூக்கின் நிழலில் இருக்கும் கண் எப்போதும் ஒரு படி இருட்டாகவே இருக்கும்.

சோதிப்பதற்கு நான் இரண்டு காரியம் செய்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White லேயரை வைத்துப் பார்க்கிறேன்; அப்போதும் வெளிர் கண் என்று தெரிய வேண்டும். பிறகு 25 விழுக்காட்டுக்குச் சுருக்கிப் பார்க்கிறேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணுக்குப் பார்வை ஓடினால், Curves-ஐ இறக்க வேண்டும் என்று பொருள்.

இந்த முறை எல்லாப் படத்துக்கும் உதவாது. மஞ்சள் குண்டு பல்பின் ஒளியில் எடுத்த படத்தில் எதிரொளிப்பிலும் நீலம் குறைவு என்பதால் நீல சேனல் எதையும் பிரித்துத் தராது. அங்கே மேலே உள்ள பிரதியில் Blend If-இன் This Layer வரிசையில் கரும்முனையை Alt அழுத்திப் பிரித்து, 170-க்கும் 215-க்கும் இடையே வைத்து ஒளிப்புள்ளியை மட்டும் காப்பாற்றுகிறேன். மங்கல் எதிரொளிப்பைத் தூரிகையால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் JPEG-இன் 8-க்கு 8 பிக்சல் கட்டங்கள் Curves-ஐ ஏற்றியதும் இழைகளுக்குப் பதிலாக எழுந்து வரும். ஐரிஸ் 60 பிக்சலுக்கும் குறைவாக இருந்தால் நான் வேலையைத் தொடங்குவதே இல்லை. சன்னல் ஓரத்தில் உட்காரவைத்து மறுபடி எடுத்துத் தரும்படி ஓவியரிடம் கேட்டுவிடுகிறேன்.