அம்மாட போனுக்கு எந்த டிஎன்எஸ் பேர்? ரெண்டையும் போட்டுப் பார்த்த கதை

அம்மா களுவாஞ்சிகுடில, நான் கல்லடில. அவட போன்ல ஒரு பஞ்சாங்க ஆப் இருக்கு, ராகுகாலம் பார்க்கத் திறந்தா முழு ஸ்க்ரீனுக்கும் "உங்கள் போனில் வைரஸ்" எண்டு விளம்பரம் வந்து நிக்கும். ஒருநாள் அத அமத்தி ஏதோ கிளீனர் ஆப் இறங்கிட்டு, மறுகா சும்மா வச்சிருக்கிற போன்லயும் விளம்பரம். ப்ரவுசர்ல ஆட் பிளாக்கர் போட்டு இதுக்குப் பிரயோசனம் இல்ல, மத்த ஆப்புக்குள்ள வாறத அது தொடாது. அதாலதான் Private DNS பக்கம் போனன். போன்ல எந்த ஆப் எந்த சைட்டத் தேடினாலும் அந்தப் பேர் எங்க இருக்கெண்டு முதல்ல டிஎன்எஸ்ட்டத்தான் கேக்கும், விளம்பரம் வாற பேருக்கு அது சரியான பதில் குடுக்காட்டி விளம்பரம் வராது.

ஆண்ட்ராய்ட் 9ல இருந்து மேல எல்லா போன்லயும் இது இருக்கு, செட்டிங்ஸ்ல Private DNS எண்டு தேடினா வரும். அதுல பேர் மட்டும்தான் அடிக்கணும், 1.1.1.1 எண்டு நம்பர் அடிச்சா ஏற்காது, முன்னால https:// உம் போடக்கூடாது. நான் யோசிச்ச மூணும் இந்தமாதிரி:

```
dns.quad9.net
dns.adguard-dns.com
amma-abc123.dns.nextdns.io
```

குவாட்9 ஆபத்தான சைட்டுகள மட்டும்தான் மறிக்கும், விளம்பரத்துக்கு ஒண்டும் செய்யாது. கிளவுட்ஃபிளேர்ட security.cloudflare-dns.com உம் அப்படித்தான். எனக்கு ஆபத்தான சைட்டோட விளம்பரமும் மறிபடணும், அதால அதுகள விட்டுட்டன். யூடியூப், ஃபேஸ்புக் விளம்பரம் எதப் போட்டாலும் போகாது, வீடியோவும் போஸ்ட்டும் வாற அதே பேர்லதான் விளம்பரமும் வருது, பேர மறிச்சா எல்லாம் சேர்ந்து நிண்டுடும்.

முதல்ல அட்கார்ட் போட்டன். எக்கவுண்ட் தேவையில்ல, பேர அடிச்சு சேவ் பண்ணினா முடிஞ்சு, பஞ்சாங்கம் அண்டைக்கே சுத்தம். ரெண்டு மாசம் நல்லா ஓடின. மறுகா தங்கச்சி எடுத்து, "அண்ணா, பார்சல் எங்க நிக்குதெண்டு மெசேஜ்ல வந்த லிங்க் அம்மாட போன்ல திறக்குதில்ல, என்ட போன்ல திறக்குது" எண்டாள். அந்த லிங்க் நேரா கூரியர் சைட்டுக்குப் போகல்ல, இடையில ஆர் கிளிக் பண்ணினதெண்டு எண்ணுற ஒரு டொமைனுக்கால போகுது, அந்த டொமைன் பிளாக் லிஸ்ட்ல. இது நான் பிறகு கண்டுபிடிச்சது, அந்த நேரம் ஒண்டும் விளங்கல்ல. அந்தப் பொதுப் பேர்ல என்ன மறிபட்டதெண்டு பார்க்கவும் ஏலாது, அந்த ஒண்டை மட்டும் விடச் சொல்லவும் ஏலாது. "Off பண்ணிப் பாரு" எண்டன், திறந்திட்டு. ஆனா திரும்ப On பண்ண ஆருக்கும் ஞாபகம் வரல்ல, மூணு கிழமைக்குப் பிறகு நான் வீட்ட போனா பஞ்சாங்கத்துல பழைய வைரஸ் திரும்ப வந்து நிக்குது.

எனக்கு முடிவு எடுத்தது இந்த ஒரு விசயம்தான். போடுறது ரெண்டு நிமிச வேல, ஏதாவது ஒண்டு திறக்காமப் போற அண்டைக்கு என்ன செய்யப்போறம் எண்டதுதான் கேள்வி.

அதாலதான் நெக்ஸ்ட்டிஎன்எஸ்க்கு மாறினன். அதுல எக்கவுண்ட் திறந்தா உங்களுக்கெண்டு ஒரு ஐடி தருவாங்க, அதுக்கு முன்னால போன்ட பேரையும் ஒரு கோடையும் போட்டா (மேல amma- எண்டு இருக்கிறது அதுதான், abc123 இருக்கிற இடத்துல உங்கட ஐடி வரும்) எந்த போன்ல இருந்து எது கேட்டதெண்டு Logs பக்கத்துல தனித்தனியாத் தெரியும். அதே மாதிரி லிங்க் திரும்ப மாட்டினப்ப தங்கச்சிய அத ஒருக்கா அமத்தச் சொல்லிட்டு நான் கல்லடில இருந்து Logs பார்த்தன், அந்த நிமிசத்துல மறிபட்டது ஒரே ஒரு பேர். அத மறிக்காம விடுற Allowlist ல போட்டன். உடன திறக்கல்ல, போன் பழைய பதில கொஞ்ச நேரம் வச்சிருக்கும், ஃப்ளைட் மோட் போட்டு எடுக்கச் சொன்னன், வந்திட்டு. அம்மாட போன்ல ஒரு செட்டிங்கும் மாத்தல்ல. பாதுகாப்புக்கு Security பக்கத்துல புதுசாப் பதிஞ்ச டொமைன்கள மறிக்கிறதும் இருக்கு, அதையும் போட்டிருக்கன்.

குறையும் இருக்கு. இலவசம் மாசத்துக்கு 300,000 கேள்வி, அதாவது நாளைக்குப் 10,000. எங்கட நாலு போனும் சேர்ந்து நாளைக்கு 7,000 – 8,000 வருது. தாண்டினா நெட் நிக்காது, மாசம் முடியுமட்டும் மறிக்கிறதுதான் நிக்கும். மறுகா வீட்டாக்கள் எந்த சைட்டுக்குப் போறாங்க எண்டு எனக்குத் தெரியுறது சரியில்ல, அதால தங்கச்சிட்ட சொல்லிட்டு லொக் வச்சிருக்கிற காலத்தக் குறைச்சிட்டன்.

எந்தப் பேர் போட்டாலும் சில வைஃபைல "Private DNS server cannot be accessed" எண்டு வந்து நெட்டே வராது, அவங்க Private DNS போற 853ஆம் போர்ட்ட மூடி வச்சிருந்தா அப்படித்தான். கல்முனைல ஒரு ஹோட்டல்ல எனக்கு வந்தது, அங்க மட்டும் Automatic ல விட்டன். ஐபோன்ல இப்படிப் பேர் அடிக்க இடம் இல்ல, ப்ரொஃபைல் இல்லாட்டி ஆப் இறக்கணும், நான் ஐபோன் பாவிச்சதில்ல, அதால அதப் பத்திக் கதைக்கல்ல. அட்கார்டையும் முழுசா விடல்ல, மாமாட போன்ல இப்பவும் அதுதான், அவர் லிங்க் ஒண்டும் திறக்கிற ஆள் இல்ல.