"அறைப் படத்தை அனுப்புங்க, அதே லுக் பாதி விலையில்" என்று சொல்பவர்களிடம் பணம் கட்டுவதற்கு முன்

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். நமக்குப் பிடித்த அறையின் படத்தை அனுப்பினால், அதிலுள்ள விளக்கு, கம்பளம், திரைச்சீலை எல்லாம் என்னவென்று கண்டுபிடித்து, குறைந்த விலையில் அதே மாதிரி வாங்கித் தருவார்களாம். கண்டுபிடிக்கத் தனிக் கட்டணம் 1,500 ரூபாய். பொருட்களுக்கு 16,000. யுபிஐ மட்டும்தான், கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. நானும் கட்டி ஏமாந்தேன்.

அவர்கள் அனுப்பிய பட்டியலில் இருந்த ஒவ்வொரு லிங்க்கும் அவர்களுடைய சொந்தக் கடைக்கே போனது. கம்பளத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு சோபா கால் தெரிகிறது. நான் அனுப்பிய படத்தில் இருந்த அதே சோபா கால்! என் படத்தையே வெட்டி, விலை போட்டு, எனக்கே விற்றிருக்கிறார்கள். அந்தப் பொருள் அவர்கள் கையில் இருந்ததே இல்லை.

வந்த பார்சலைச் சொல்கிறேன். படத்தில் இருந்தது பெனி உராய்ன் வகைக் கம்பளம்: மொராக்கோவின் அட்லஸ் மலைப்பகுதியில், சாயம் போடாத ஆட்டு ரோமத்தில் நெய்வது. வெள்ளைத் தரையில் கறுப்புக் கோடுகள், கொஞ்சம் கோணலாகவே வரும் டயமண்ட் கட்டங்கள். எனக்கு வந்ததில் கட்டங்கள் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தன. இழைகளை விரலால் விலக்கிப் பார்த்தேன். கறுப்பு நுனியில் மட்டும், அடியில் வெள்ளை. அச்சடித்தது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஓர் இழையைப் பிடுங்கிச் சிங்க்கில் வைத்துக் கொளுத்தினேன். உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக ஒட்டிக்கொண்டது. கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். இது பாலியஸ்டர்.

அளவு இன்னும் மோசம். மூன்று பேர் உட்காரும் சோபா சுமார் 7 அடி இருக்கும். படத்தில் கம்பளம் சோபாவின் இருபுறமும் அரை அடி வெளியே தெரிந்தது, ஆக நீளம் 8 அடி. வந்தது 5 அடி. போன் செய்தால், "ஃபோட்டோவுல பெருசாத்தான் மேடம் தெரியும், லென்ஸ் அப்படி" என்றார். சோபாவையும் அதே லென்ஸ்தானே எடுத்தது என்று கேட்டேன், பதில் இல்லை.

திரைச்சீலையில்தான் அவர்களுக்கு இந்த வேலையே தெரியாது என்பது புரிந்தது. படத்தில் துணி கூரையை ஒட்டி ஆரம்பித்துத் தரையைத் தொடுகிறது, அதற்கு 9 அடி வேண்டும். வந்தது ரெடிமேடு கதவுத் திரை, 7 அடி. அகலமும் போதவில்லை. மடிப்பு விழ வேண்டுமென்றால் கம்பியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு துணி தேவை. என் கம்பி 6 அடி, ஆக 12 அடி துணி. ரெடிமேடு திரை ஒன்று ஏறக்குறைய 4 அடி வரும், மூன்று வேண்டும். இரண்டு அனுப்பினார்கள். இழுத்து மூடினால் காயப்போட்ட பெட்ஷீட்தான்.

விளக்கு "ஒரிஜினல் ஜப்பான் டிசைன்" என்று 4,800 ரூபாய். படத்தில் இருந்தது சிற்பி இசாமு நொகுச்சி 1951-இல் தொடங்கிய அகாரி என்ற காகித விளக்குகளின் சாயல். அவை ஜப்பானின் கிஃபு நகரில் கையால் செய்யப்படுபவை, இந்த விலைக்கு வராது. வந்தது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் காகித உருண்டை. அதை அந்த விலைக்கே விற்றிருந்தால் எனக்கு ஒரு புகாரும் இல்லை, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் 1,500 கொடுக்கத் தேவையே இல்லை. கூகுள் லென்ஸில் முழு அறையையும் கொடுத்தால் வேறு அறைகளைத்தான் காட்டும். தெரியும் கட்டத்தின் மூலைகளை இழுத்து விளக்கை மட்டும் சுற்றி வையுங்கள், பிறகு கம்பளத்துக்குத் தனியாக. திரைச்சீலைக்கு லென்ஸ் உதவாது, வெள்ளைத் துணி எல்லாம் அதற்கு ஒன்றுதான். மேல் பகுதி வளையமா, தைத்த மடிப்பா, துணியின் ஊடே வெளிச்சம் வருகிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். நான் கடைசியில் கரூர் காட்டன் துணி வாங்கி நம்ம டெய்லரிடமே தைத்துக்கொண்டேன்.

அப்புறம், விற்பவர் காட்டும் படத்தையும் லென்ஸில் போடுங்கள். அதே படம் பல கடைகளில் பல விலைகளில் வந்தால், பொருளை இப்போதே எடுத்த வீடியோ கேளுங்கள், பக்கத்தில் இஞ்ச் டேப் வைத்து. என்னை ஏமாற்றியவர்களிடம் நான் அதைக் கேட்டதும், "கஸ்டம் ஆர்டர், ரிட்டர்ன் கிடையாது" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டார்கள். பார்சலில் தயாரிப்பாளர் பெயரோ முகவரியோ எம்ஆர்பியோ இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. புகாருக்கு உரையாடல், யுபிஐ பரிவர்த்தனை எண், பார்சல் லேபிள் எல்லாம் வேண்டும். பிளாக் செய்வதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.