மச்சானோடு போட்ட கூட்டைப் பிரிக்க நாலு வழி

ஒன்பது வருடம் மச்சானும் நானும் பட்டர்வொர்த்தில் கல்யாணச் சமையல் தொழில் நடத்தினோம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அடுப்படி முழுக்க அவர் கை. புக்கிங், கணக்கு, ஆள் பிடிப்பது, லோரி எல்லாம் என் பொறுப்பு. எஸ்.எஸ்.எம்.மில் இரண்டு பேர் பெயரும் இருந்தது, லாபம் சரிபாதி. எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஓடும் வேலைக்கு என் முதுகு இனி ஒத்துழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

நான் விலகப் போகிறேன் என்று தெரிந்த வாரத்திலேயே குடும்பத்திலிருந்து நாலு யோசனை வந்தது. பேரை மட்டும் விட்டுவைத்து ஒதுங்கிக்கொள். தொழிலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூடிவிட்டு இருப்பதைப் பங்கு போடுங்கள். மச்சானே உன் பங்கை வாங்கிக்கொள்ளட்டும். நாலும் பாசத்தில் சொன்னவைதான். ஆனால் நாலின் விளைவும் வேறு வேறு. எங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. பேங்கில் 38,000 வெள்ளி இருந்தது. அண்டா, அடுப்பு, பரிமாறும் பாத்திரம் எல்லாம் சேர்த்து 18,000. லோரியின் மதிப்பில் பாக்கிக் கடனைக் கழித்தால் 15,000. சமையல் கூடத்தின் வாடகை டெபாசிட் 5,000. மொத்தம் 76,000. மளிகைக்காரருக்கும் கோழிக்காரருக்கும் கொடுக்க வேண்டியது 9,000.

இதோடு நிறுத்திவிட்டால் ஆளுக்கு நல்ல தொகை வருவது போலத் தெரியும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பேங்கில் இருந்த 38,000 வெள்ளியில் 21,000 எங்கள் பணமே அல்ல. ஆவணிக் கல்யாணங்களுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த முன்பணம் அது. சோறு போட்டால்தான் அது நம்முடையது, அதுவரை கடன்தான். பேங்க் புத்தகத்தைப் பார்த்து ஆளுக்கு 19,000 எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த மாதம் மச்சான் அரிசி வாங்கக் காசில்லாமல் நின்றிருப்பார். அப்புறம் அத்தை வீட்டில் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன்பணத்தையும் மளிகைக் கடனையும் கழித்தால் மிச்சம் 46,000. தொழில் தொடங்கியபோது மச்சான் போட்ட முதல் 20,000, நான் போட்டது 10,000. 1961ஆம் ஆண்டின் கூட்டு வணிகச் சட்டம் சொல்லும் வரிசை தெளிவானது. முதலில் வெளிக்கடன், அடுத்து பங்காளிகள் தொழிலுக்குக் கொடுத்த கடன், அதற்கப்புறம் அவரவர் முதல், கடைசியில் மிச்சமிருப்பதை லாப விகிதப்படி. எங்களுக்குள் கடன் இல்லை. முதல் 30,000 போக 16,000, ஆளுக்கு 8,000. ஆக மச்சானுக்கு 28,000, எனக்கு 18,000. ‘சரிபாதி லாபம்’ என்பதால் சொத்தும் சரிபாதி என்று நானே பல வருடம் நினைத்திருந்தேன். அது தவறு.

பெரிய மாமா சொன்னது முதல் வழி. “பேரு இருந்துட்டுப் போகட்டும் மாப்பிள்ளை, வருஷத்துக்கு ஏதோ கொடுப்பான், உறவும் கெடாது.” கேட்க இதமாக இருக்கிறது. நாலில் எனக்கு அதிகப் பயம் தந்தது இதுதான். கூட்டுத் தொழிலில் பெயர் இருக்கும்வரை தொழிலின் கடனுக்கு என் சொந்த வீடும் சேமிப்பும்கூடப் பொறுப்பு. மச்சான் நல்ல மனதோடு புது லோரிக்குக் கடன் வாங்கி, அது திருப்ப முடியாமல் போனால் என் கதவும் தட்டப்படும். வருமான வரியிலும் அப்படித்தான். கூட்டு தனியாக வரி கட்டுவதில்லை, லாபத்தில் என் பங்கு என் வருமானமாகவே கணக்கில் ஏறும், காசு என் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும். இதில் உறவு உடனே கெடாது. நாலைந்து வருடம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு கடிதத்தில் கெடும்.

இரண்டாவது, தொழிலை இரண்டாகப் பிரிப்பது. மளிகைக் கடைக்கு இரண்டு கிளை இருந்தால் இது நல்ல வழி. ஒருவர் ஜார்ஜ்டவுன் கடை, ஒருவர் பிறை கடை என்று முடித்துவிடலாம். சமையல் தொழிலில் அது நடக்காது. லோரி ஒன்று, பெரிய சமையல்காரர் ஒருவர், ஊருக்குத் தெரிந்த போன் நம்பர் ஒன்று. அதைவிட ஒரு சங்கடம் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம் என்றால் யாரைக் கூப்பிடுவார்கள்? ஒவ்வொரு விசேஷத்திலும் ஒரு பக்கம் மனம் நோகும். உறவைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

மூடுவதற்கும் வாங்குவதற்கும்தான் உண்மையான போட்டி. மூடுவதில் ஒரு பெரிய நன்மை, விலை பேச வேண்டியதில்லை. சந்தை என்ன கொடுக்கிறதோ அதுதான் விலை, மச்சான் குறைத்துச் சொன்னார் என்று யாரும் பின்னால் சொல்ல முடியாது. ஆனால் அவசரத்தில் விற்றால் அலுமினிய அண்டாவை எடைக்குத்தான் எடுப்பார்கள். நாங்கள் விசாரித்தபோது 18,000 மதிப்புள்ள பாத்திரத்துக்கு 7,000 சொன்னார்கள், லோரிக்கு 3,000 குறைத்தார்கள். வாடகை டெபாசிட் முழுதாகத் திரும்பினாலும் கையில் நிற்பது 32,000. முதல் போக ஆளுக்கு ஆயிரம். என் பங்கு 18,000இலிருந்து 11,000 ஆகிவிடும், மச்சானின் பங்கு 21,000. அது மட்டுமல்ல, ஆவணிக்குப் புக் செய்த குடும்பங்களுக்குப் பணத்தைத் திருப்பி, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு பேருமே தொழிலைத் தனியாக நடத்த முடியாதவர்கள் என்றால், அல்லது இருவருக்கும் இடையே நம்பிக்கை போய்விட்டது என்றால், மூடுவதுதான் சரி. எங்களுக்கு இரண்டும் இல்லை.

ஆகவே மச்சான் வாங்கிக்கொள்வது என்று முடிவானது. இதில் சிக்கல் விலைதான். நண்பர் ஒருவர் ஒரு முறை சொன்னார்: நீ ஒரு விலை சொல், அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்று அவர் முடிவு செய்யட்டும், அப்போதுதான் நியாயமாகச் சொல்வாய். இரண்டு பேரும் சம நிலையில் இருந்தால் அருமையான முறை. எங்களிடம் அது பொருந்தாது. எனக்குச் சமைக்கத் தெரியாது, உடம்பும் முடியாது. நான் வாங்க முடியாதவன் என்பது மச்சானுக்குத் தெரியும். ஒருவரால் மட்டுமே வாங்க முடியும் என்ற இடத்தில் இந்த முறை பலவீனமானவரை நசுக்கிவிடும். கையில் காசிருக்கும் அண்ணனும் காசில்லாத தம்பியும் பிரியும்போதும் இதே கதைதான்.

அதனால் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒரு கணக்காளரிடம் போனோம், கட்டணத்தை ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டோம். அவர் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கூடத்துத் தரையில் எல்லாப் பாத்திரத்தையும் பரப்பி எண்ணினோம். மச்சான் சாக்பீஸால் ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் போட, அக்கா நோட்டில் எழுதினார். ஏழாவது அண்டா வந்ததும் மச்சான் கை நின்றது. அது அத்தை கொடுத்த பித்தளை அண்டா, தொழில் தொடங்கிய அன்று முதல் பொங்கல் அதில்தான் பொங்கியது. நம்பர் போடாமல் தனியாக எடுத்து வைத்தோம். குடும்பத்துப் பொருள் எது, தொழிலின் பொருள் எது என்று எண்ணும்போதே பிரித்துவிட்டால், பின்னால் ஒரு வார்த்தைக்கும் இடமிருக்காது.

தொழிலின் பெயருக்கு, அதாவது ஒன்பது வருட நல்ல பேச்சுக்கு, கணக்காளர் என் பங்காக 4,000 போட்டார். குறைவு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் ருசி மச்சானின் கையில் இருக்கிறது, என்னால் வந்த வாடிக்கையாளர்கள் ஒன்றிரண்டு வருடத்தில் மாறிவிடுவார்கள் என்று அவர் விளக்கியபோது ஏற்றுக்கொண்டேன். ஆக எனக்கு 22,000. முன்பணத்தையும் கடனையும் ஒதுக்கினால் பேங்கில் தொடக்கூடியது 8,000தான். அதனால் 7,000 உடனே, மீதி மாதம் 1,000 வீதம் பதினைந்து மாதம். இதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஸ்டாம்பும் செய்தோம். ஒரு மாதம் தவறினால் என்ன செய்வது என்றும் அதிலேயே எழுதினோம்: கடைசியில் ஒரு மாதம் கூடும், வட்டி கிடையாது. கேட்பதற்கு நான் கூச்சப்பட வேண்டாம், சொல்வதற்கு அவர் கூச்சப்பட வேண்டாம்.

பிரியும் நாளை ஆடி முதல் தேதி என்று வைத்தோம். ஆடியில் கல்யாணம் இருக்காது, வேலை குறைவு, கணக்கை ஒரே இடத்தில் நிறுத்தி முடிக்க முடியும். தீபாவளிக்கு முன்னாலோ தை மாதத்திலோ வைத்திருந்தால் பாதி வேலை பழைய கணக்கில், பாதி புதுக் கணக்கில் என்று குழம்பியிருப்போம்.

காகித வேலையில் மூன்று விஷயத்தை விடக் கூடாது. எஸ்.எஸ்.எம்.மில் நான் விலகியதை 30 நாளுக்குள் EzBiz வழியாகப் பதிய வேண்டும். லோரி என் பெயரில் இருந்ததால், பேங்க் கடனை அடைத்து பேங்கின் உரிமையை நீக்கினால்தான் ஜே.பி.ஜே.யில் மச்சான் பெயருக்கு மாற்ற முடியும். மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். பழைய மளிகைக்காரர், கோழிக்காரர், கேஸ்காரர் எல்லோருக்கும் நான் விலகிவிட்டேன் என்று நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால், நான் இன்னும் கூட்டில் இருக்கிறேன் என்று நம்பிக் கடன் கொடுத்தவர் என்னிடமும் கேட்கலாம். நான் விலகுவதற்கு முன் ஏறிய கடனுக்கோ எந்த அறிவிப்பும் என்னைக் காக்காது. அதனால்தான் அந்த 9,000 வெள்ளியை முதலில் கட்டி ரசீது வாங்கினோம்.

இத்தனையிலும் ஒன்றில் மட்டும் இருவரும் பிடிவாதமாக இருந்தோம். என் மனைவி வழியாக எந்தச் சேதியும் போகக் கூடாது. அவளுக்கு ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான். பணம் பற்றி என்ன சொல்ல வேண்டுமென்றாலும் நானும் மச்சானும் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து பேசினோம், வீட்டில் பேசவில்லை.

இனி வரும் குடும்ப விசேஷத்துக்கு என்ன செய்வது என்றும் அங்கேதான் முடிவு செய்தோம். இலவசமும் இல்லை, சொந்தக்காரர் விலையும் இல்லை, மற்றவர்களுக்கு என்ன விலையோ அதே விலை. பதினோராவது தவணை வந்த மாதம் என் மகளின் சடங்கு. மச்சான்தான் சமைத்தார். மூன்றாம் நாள் பில் வந்தது, அத்தையின் பித்தளை அண்டாவில் செய்த பாயசத்தை மட்டும் அதில் எழுதவில்லை. மீதி முழுவதையும் அன்றைக்கே கட்டினேன்.