பத்து சென்டிமீட்டரா, ஐம்பதா? இரண்டு மைக்குகளால் ஒலியின் திசையைக் கண்டுபிடித்தல்

இரண்டு மைக்குகளை ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, கைதட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கணக்கிட முனைகிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று உண்டு: மைக்குகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடுவது? பலரும் கைக்கு வந்த அளவில் ஒட்டிவிட்டு, பிறகு நிரலைக் குறை சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரே சட்டத்தில் 10 சென்டிமீட்டர், 50 சென்டிமீட்டர் என்ற இரண்டு இடைவெளிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், என் தவறுகளில் பாதி இந்த ஒரு எண்ணிலிருந்து வந்தவை என்பது புரிந்தது.

கணக்கு எளிது. தொலைவிலிருந்து வரும் ஒலியலை மைக்குகளை நெருங்கும்போது ஏறக்குறைய நேர்கோடாகவே வரும். அது ஒரு மைக்கைத் தொட்ட பிறகு, மற்றதைத் தொட இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டும். மைக்குகளை இணைக்கும் கோட்டைக் கர்ணமாகவும், அந்தக் கூடுதல் தூரத்தை எதிர்ப்பக்கமாகவும் கொண்டால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. திசையை நேர் முன்னாலிருந்து அளந்தால் சைன் தானாக வந்து நிற்கும்:

```
sin θ = c · τ / d
```

இங்கே c ஒலியின் வேகம். 20 டிகிரி வெப்பநிலையில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். τ என்பது வந்து சேரும் நேர வேறுபாடு, d என்பது மைக் இடைவெளி. நேர வேறுபாட்டைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. ஒரு பதிவை மற்றதன்மேல் மாதிரி மாதிரியாக, அதாவது ஒலியை அளந்து பதிந்த எண்களை ஒவ்வொன்றாக, நகர்த்தி, எந்த நகர்வில் இரண்டும் மிக அதிகமாக ஒத்துப்போகின்றன என்று ஒட்டுறவுக் கணக்குப் போட்டால், அதன் உச்சி நிற்கும் இடமே தாமதம்.

முதல் வேறுபாடு நுண்மையில் தெரிகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே 20.8 மைக்ரோ வினாடி. அதற்குள் ஒலி 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்துவிடும். 10 சென்டிமீட்டர் இடைவெளியைக் கடக்க ஒலிக்கு 14 மாதிரிகள் போதும். 50 சென்டிமீட்டருக்கு 70 தேவை. 30 டிகிரியில் நின்று ஒருவர் கைதட்டினால் குறுகிய ஜோடியில் தாமதம் 7 மாதிரி, அகன்ற ஜோடியில் 35. இப்போது அளவீட்டில் ஒரே ஒரு மாதிரி பிசகியதாக வைத்துக்கொள்வோம். குறுகிய ஜோடியில் 7 என்பது 8 ஆனால் விடை 34.9 டிகிரி. அகன்றதில் 35 என்பது 36 ஆனால் 31 டிகிரி. அதே பிழை ஓரிடத்தில் ஐந்து டிகிரி, மற்றோரிடத்தில் ஒரு டிகிரி.

பக்கவாட்டுக்குப் போகப் போக இரண்டு ஜோடிகளுமே தடுமாறுகின்றன. சைன் வளைவு 90 டிகிரியை நெருங்கும்போது தட்டையாகிவிடும்; கோணம் நிறைய மாறினாலும் தாமதம் கொஞ்சம்தான் மாறும். குறுகிய ஜோடியில் 13 மாதிரித் தாமதம் 68 டிகிரியைக் குறிக்கிறது, அடுத்த படியான 14 நேராக 90க்குத் தாவிவிடுகிறது. நடுவே வேறு விடையே கிடையாது. அகன்ற ஜோடியிலும் கடைசித் தாவல் 80இலிருந்து 90 வரை. ஆகவே சட்டத்தின் முகத்தை எதிர்பார்க்கும் ஒலியின் பக்கம் திருப்பி வைப்பது, இடைவெளியைக் கூட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

அந்த 14இல் ஒரு சிறு கண்ணியும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 343 × 14 ÷ (48,000 × 0.1) = 1.0004. சைனின் மதிப்பு ஒன்றைத் தாண்டக்கூடாதே! என் நிரல் முதல் நாளே இந்த இடத்தில் பிழைச் செய்தி கொடுத்து நின்றது. ஒன்றை மயிரிழையில் தாண்டினால் வெட்டிவிடலாம். அதிகமாகத் தாண்டினால் அந்த அளவீட்டையே தூக்கி எறிய வேண்டும், ஏனென்றால் அது உண்மையான தாமதமாக இருக்க முடியாது. கீழே k என்பது மாதிரிக் கணக்கில் தாமதம், fs என்பது நொடிக்கு எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கை.

```python
s = c * k / (fs * d)
if abs(s) > 1.05:
    theta = None
else:
    s = max(-1.0, min(1.0, s))
    theta = math.degrees(math.asin(s))
```

இதுவரை படித்தவருக்கு ஐம்பதே நல்லது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, யாரோ விசிலடிக்கும்வரை.

கைதட்டலில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருப்பதால், இரண்டு பதிவுகளும் ஒரே ஒரு நகர்வில்தான் பொருந்தும். விசில் அப்படியல்ல. 1,000 ஹெர்ட்ஸ் விசில் 48 மாதிரிகளுக்கு ஒருமுறை அச்சு அசலாகத் திரும்ப வருகிறது. 30 டிகிரியிலிருந்து வரும் அந்த விசிலுக்கு அகன்ற ஜோடியில் 35ஆம் நகர்வில் ஓர் உச்சி எழும்பும். 48 கழித்து −13இலும், இன்னொரு 48 கழித்து −61இலும் அதே உயரத்தில் உச்சிகள் எழும்பும். மூன்றுமே ±70 எல்லைக்குள் இருப்பதால் மூன்றும் செல்லும். கோணமாக மாற்றினால் 30, −10.7, −60.7 டிகிரி. ஆள் ஓரிடத்தில்தான் நிற்கிறார், கருவி மூன்று இடங்களைக் காட்டுகிறது. எது உண்மை என்று பதிவிலிருந்து மட்டும் சொல்ல வழியே இல்லை. எந்த உச்சி மயிரிழையில் உயர்ந்திருக்கிறதோ அதையே நிரல் எடுத்துக்கொள்ளும் என்பதால் திரையில் கோணம் நொடிக்கு நொடி குதிக்கும். மூன்று நிலையான மதிப்புகளுக்கிடையே மட்டும் குதித்தால் இந்த நோய்தான் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்; சாதாரண இரைச்சலாக இருந்தால் கோணம் ஒரே மதிப்பைச் சுற்றி நடுங்கும்.

குறுகிய ஜோடிக்கு இந்தத் தொல்லை இல்லை. 7இலிருந்து 48 கழித்தால் −41. அது ±14 எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. பொது விதி இதுதான்: இடைவெளி அரை அலைநீளத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை விடை ஒன்றே. 10 சென்டிமீட்டருக்கு அந்த எல்லை 1,715 ஹெர்ட்ஸ், 50 சென்டிமீட்டருக்கு வெறும் 343 ஹெர்ட்ஸ். பறவையின் கீச்சொலி, மோட்டாரின் ரீங்காரம், பேச்சில் நீட்டி ஒலிக்கும் உயிரெழுத்து என ஒரே சுருதியில் நிற்கும் எதற்கும் அகன்ற ஜோடியை நான் நம்புவதில்லை.

அறைக்குள் வந்தால் ஐம்பதுக்கு இன்னும் ஒரு சறுக்கல். நேராக வரும் ஒலியைவிட ஒரு மீட்டர் சுற்றி வரும் எதிரொலி சுமார் 3 மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். அது கலப்பதற்கு முன்பே கைதட்டலின் தொடக்கத்தை வெட்டி எடுத்துக் கணக்கிடுவது நல்ல உத்தி. குறுகிய ஜோடியில் பெரும தாமதமே 0.29 மில்லி வினாடிதான் என்பதால் வெட்டும் துண்டில் தாராளமாக இடமிருக்கிறது. அகன்ற ஜோடியில் தாமதம் மட்டுமே 1.46 மில்லி வினாடி வரை போகலாம். பாதித் துண்டு அதற்கே சரியாகிவிடும். ஒலி அருகிலிருந்து வந்தாலும் அகன்ற ஜோடிக்கே அடி, ஏனென்றால் அலை நேர்கோடு என்ற அனுமானம் அங்கே உடைகிறது. சட்டத்தின் நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 30 டிகிரியில் உள்ள ஒலியை அகன்ற ஜோடி 27.2 டிகிரி என்று காட்டும், குறுகியது 29.9 என்று காட்டும். ஆள் ஒரு மீட்டருக்கு விலகினால் அகன்ற ஜோடியின் பிழை ஒரு டிகிரிக்குள் வந்துவிடும்.

இடைவெளியைக் கூட்டாமல் மாதிரி வீதத்தை 1,92,000 ஆக்கினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். படிகள் நான்கு மடங்கு நெருக்கமாகும் என்பது உண்மைதான். ஆனால் அதே பலனின் பெரும்பகுதியை 48,000இலேயே பெறலாம். உச்சி மாதிரியின் மதிப்பையும் அதன் இருபக்கத்து மதிப்புகளையும் எடுத்து, மூன்றின்மீதும் ஒரு பரவளையத்தைப் பொருத்தினால், உண்மையான உச்சி இரண்டு மாதிரிகளுக்கிடையே எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்:

```
δ = (L − R) / (2 · (L − 2M + R))
```

M நடு மதிப்பு, L இடம், R வலம். தாமதத்தோடு δவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். குறுகிய ஜோடியின் படிக்கட்டுத் தாவல் இதனால் பெருமளவு மட்டுப்படுகிறது. இரைச்சல் அதிகமானால் இந்த உத்தியும் அதிக மாதிரி வீதமும் சேர்ந்தே தோற்கும், ஏனென்றால் அப்போது உச்சியே இடம் மாறிப்போயிருக்கும். அந்த நிலையில் உதவுவது இடைவெளி மட்டும்தான்.

எந்த இடைவெளியைத் தேர்ந்தாலும் தீராதவை இரண்டு. ஒன்று, முன்னால் 30 டிகிரியில் வரும் ஒலியும் பின்னால் அதன் பிரதிபலிப்பாக 150 டிகிரியில் வரும் ஒலியும் ஒரே தாமதத்தைத் தருகின்றன, சைன் இரண்டுக்கும் ஒன்றே என்பதால். இரண்டாவது, இரு மைக்குகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். தனித்தனி யுஎஸ்பி மைக்குகளை ஒரே கணினியில் செருகினால், அவற்றின் கடிகாரங்கள் மெல்ல விலகி, யாரும் அசையாதபோதே கோணம் ஊர்ந்துகொண்டிருக்கும். ஒரே ஒலி அட்டையின் இடது வலது உள்ளீடுகளே பாதுகாப்பானவை. சந்தேகம் வந்தால், ஒலி அதே இடத்தில் இருக்க, மைக்குகளை வயரோடு இடம் மாற்றி வையுங்கள். தாமதம் அதே அளவில் குறி மட்டும் மாற வேண்டும். 7 என்பது −7 ஆகாமல் −3 ஆனால், இரண்டின் சராசரியான 2 மாதிரி கருவியிலேயே இருக்கும் நிலையான பிசகு. உண்மைத் தாமதம் 5.

திறந்தவெளியில் கைதட்டல், பட்டாசு, கதவுச் சத்தம் போன்ற வெடிப்பொலிகளுக்கு நான் ஐம்பதையே எடுப்பேன். மேசைமீது, அறைக்குள், பேச்சுக்கோ விசிலுக்கோ என்றால் யோசிக்காமல் பத்து. ஒரு மைக் கூடுதலாக இருந்தால் தேர்வே தேவையில்லை: ஒரே கோட்டில் 0, 10, 50 சென்டிமீட்டர்களில் மூன்றை வைத்து, முதலிரண்டையும் ஒரு ஜோடியாகவும் ஓரத்து இரண்டையும் இன்னொரு ஜோடியாகவும் கணக்கிடுகிறேன். விசிலுக்கு ஓரத்து ஜோடி 30, −10.7, −60.7 என்று மூன்று விடைகளை நீட்டும்போது, குறுகிய ஜோடி 34.9 என்று பிசகிச் சொன்னாலும் போதும், 30ஐத் தேர்ந்தெடுத்துவிடலாம்.