"தெரியாது" என்று சொல்லத் தெரியாத மாடல்

மயிலாடுதுறை நண்பர் கேட்டார்: "பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரே மொழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறதே, அதற்கு முன்னால் மொழி பார்க்கத் தனியாக ஒரு மாடல் எதற்கு?"

நாங்கள் எழுத்தாக்கும் கேசட்டுகளுக்குக் கட்டாயம் வேண்டும். மொழியை நாம் சொல்லாவிட்டால் விஸ்பர் ஒலிக்கோப்பின் முதல் 30 விநாடியைக் கேட்டு ஒரு மொழியை முடிவுசெய்து, கோப்பு முழுவதையும் அதிலேயே எழுதிவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கேசட் சமஸ்கிருத சுலோகத்தில் தொடங்கும், அப்புறம் தமிழ், நடுவில் ஒரு தெலுங்குக் கீர்த்தனை. அதனால் பேச்சைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் `lang-id-voxlingua107-ecapa` மாடலால் மொழி பார்த்த பிறகே எழுத்தாக்கத்துக்கு அனுப்புகிறேன்.

நீளமான துண்டுகளில் குறையே இல்லை. தகராறு ஒன்றிரண்டு விநாடித் துண்டுகளில்தான். "சரி, பாப்போம்" என்ற துண்டுக்கு, மொத்தம் 1 மதிப்பெண்ணில் மலையாளம் 0.46, தமிழ் 0.41 என்று வந்தது. அதே ஆள் பேசிய அடுத்த இரண்டு துண்டுகளில் தமிழுக்கு 0.62, 0.55; மலையாளத்துக்கு 0.30, 0.38. மூன்றையும் பெருக்கினால் தமிழ் 0.14, மலையாளம் 0.05. பக்கத்துத் துண்டுகளையும் சேர்த்துப் பார்த்ததிலேயே பாதிக்குமேல் குழப்பம் தீர்ந்தது. இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் மொழி மாற்றிப் பேசாதவரைதான் இது செல்லும். வீட்டில் மராத்தி, வாசலில் தமிழ் என்று பேசுகிற தஞ்சாவூர்க் குடும்பங்களில் இந்தக் கணக்கு உதவாது.

எரிச்சல் மூட்டுவது கும்பகோணத்து நெசவாளர்களின் சௌராஷ்டிரப் பேச்சு. மாடலுக்குத் தெரிந்த 107 மொழிகளில் சௌராஷ்டிரம் கிடையாது. கிடையாதென்றால் தெரியவில்லை என்று சொல்லலாம் அல்லவா? சொல்லாது. மதிப்பெண்களை இருக்கிற மொழிகளுக்குள்ளேயே பங்கிட்டாக வேண்டும் என்பதுதான் அதன் அமைப்பு. ஒரு துண்டுக்கு மராத்தி, அடுத்ததற்கு குஜராத்தி, அதற்கடுத்து தெலுங்கு என்று துணிந்து சொல்லும். விஸ்பரும் அதை நம்பி, யாரும் பேசாத மராத்தியைச் சரளமாக எழுதித் தரும். பிழை என்று பார்த்ததும் தெரிந்தாலாவது பரவாயில்லை.

தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம், மராத்தி நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மதிப்பெண்ணை மொத்தம் 1 வருமாறு மறுபடி கணக்கிடுங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யலாம், ஆனால் அதற்கு முன் அந்த நான்கும் சேர்ந்து எவ்வளவு வாங்கியிருக்கின்றன என்று பாருங்கள். குறைவாக இருந்தால் அந்தத் துண்டைத் தனியே எடுத்து வையுங்கள். மறுகணக்குப் போட்டுவிட்டால் இந்தத் தடயம் அழிந்துவிடும். சௌராஷ்டிரத் துண்டில் மாடல் மராத்திக்கே 0.9 கொடுத்துவிட்டால் இந்த வழியிலும் பிடிபடாது. ஒரே ஆளின் துண்டுக்குத் துண்டு மொழி தாவுகிறதா என்பது ஒன்றே மிச்சமிருக்கும் அடையாளம்.

ஆக, நண்பரே, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம், வேகம், சாதாரணக் கணினியிலேயே ஓடும். நான் மட்டும் கும்பகோணம் கேசட்டுப் பெட்டியை அதற்குக் கொடுப்பதாக இல்லை. காதால் கேட்டே பிரித்துக்கொள்கிறேன்.