நெற்றிப் பளபளப்பும் சாம்பல் திட்டும்: ஃப்ரீக்வென்சி செப்பரேஷனோடு நான்கு ஆண்டுகள்

நண்பர் ஒருவர் ஒரு முகப்படத்தை அனுப்பி, "நெற்றியில் எண்ணெய் வழிந்ததை எடுத்துவிட்டேன். ஆனால் ஆள் பொம்மை மாதிரி ஆகிவிட்டார். எங்கே தவறு?" என்று கேட்டார். அவர் கையாண்டது ஃப்ரீக்வென்சி செப்பரேஷன்: ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தை நிறம் ஒன்றிலும் நுணுக்கம் மற்றொன்றிலுமாக இரண்டு லேயர்களாக, அதாவது அடுக்குகளாகப் பிரித்துத் திருத்தும் முறை. நான்கு ஆண்டுகளாக நானும் அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன். மூன்று வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். பழைய கோபங்கள் கிளம்பிவிட்டதால் நீண்டுவிட்டது.

படத்தை இரண்டாகப் பிரிப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததே. கீழ் லேயரில் நிறமும் வெளிச்சமும், மேல் லேயரில் தோல் துளைகளும் மெல்லிய மயிரும். பிரச்சினை பிரித்த பிறகுதான் தொடங்குகிறது. பளபளப்பை லாசோவால் வளைத்து, விளிம்பை மென்மையாக்கி, கீழ் லேயரில் Gaussian Blur போட்டு மங்கலாக்கு என்றுதான் பெரும்பாலும் கற்றுக்கொடுக்கிறார்கள். என் தீராத எரிச்சல் இந்த ஒரு படியின் மீதுதான்.

பிளர் எதையும் அகற்றுவதில்லை, பரப்பத்தான் செய்கிறது. சட்டையில் விழுந்த எண்ணெய்க் கறையை ஈரத்துணியால் தேய்த்தால் கறை அகலமாவதைப் போல, நெற்றி நடுவில் இருந்த வெள்ளை அக்கம்பக்கத்துத் தோலோடு கலந்து பெரிய வெளிறிய திட்டாகிறது. திட்டு உறுத்துவதால் இன்னும் பெரிய வட்டம், இன்னும் கூடுதல் பிளர். முடிவில் நெற்றி முழுவதும் ஒரே தொனி. மேல் லேயரில் துளைகள் அப்படியே இருக்க, தோல் எப்படி பிளாஸ்டிக் ஆகும் என்று நண்பர் கேட்டார். துளைகள் போனதால் பிளாஸ்டிக் ஆகவில்லை. துளையைவிடப் பெரியதாக, நெற்றியைவிடச் சிறியதாக உள்ள ஏற்ற இறக்கங்கள் உண்டு: புருவத்துக்கு மேலே ஒரு சிறு மேடு, அதன் பக்கத்தில் லேசான சிவப்பு, அதற்கப்பால் கொஞ்சம் மஞ்சள். அவை கீழ் லேயரில் இருப்பவை. பிளர் முதலில் பலி வாங்குவதும் அவற்றைத்தான். மிஞ்சுவது வழவழப்பான பந்தின் மேல் ஒட்டிய துளைகள்.

பிளர் வேண்டாமென்று Curves கொண்டு வெளிச்சத்தை மட்டும் இறக்குபவர்களும் உண்டு. முதல் ஓராண்டு நான் அப்படித்தான் செய்தேன். அதில் வருவது சாம்பல் திட்டு. எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி தோலுக்குள் போவதே இல்லை. அது விளக்கின் நிறத்தைத்தான் காட்டுகிறது. தோலுக்குள் புகுந்து சிதறி வரும் ஒளிக்குத்தான் தோலின் நிறம். ஆகவே வெள்ளையை எவ்வளவு இறக்கினாலும் அது தோலாகாது. மங்கிய வெள்ளை, அதாவது சாம்பல்தான் கிடைக்கும்.

நண்பரின் படத்தையே எடுத்துக்கொள்கிறேன். நெற்றிப் பளபளப்பின் நடுவே சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் R 255, G 246, B 238. இரண்டு விரல் தள்ளி நல்ல தோலில் R 205, G 158, B 128. முதலாவதை Curves கொண்டு இறக்கினால் ஏறக்குறைய 215, 207, 200 வருகிறது. மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். திருநீறு பூசியது போல இருக்கிறது. இப்போது வேறொரு வழி. இரண்டு லேயர்களுக்கும் நடுவே ஒரு வெற்று லேயர் வைத்து, அதை Darken முறைக்கு மாற்றி, நல்ல தோலின் நிறத்தை எடுத்து மென்மையான பிரஷ்ஷால் மெல்லப் பூசுகிறேன். பூச்சு நாற்பது சதவீதம் சேரும்போது அதே இடம் 235, 211, 194 ஆகிறது. சிவப்பு கொஞ்சமாகவும் நீலம் அதிகமாகவும் இறங்கியிருக்கின்றன. வெளிச்சம் குறைந்ததோடு நிறமும் திரும்பிவிட்டது. Darken என்பதால், பூசும் நிறத்தைவிட இருண்ட இடங்களை பிரஷ் தொடுவதில்லை. முதல் தடவை இதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். அந்த மகிழ்ச்சியை மறுக்க மாட்டேன்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பிரஷ்ஷிலிருந்து நிறம் எவ்வளவு இறங்கும் என்பதைக் குறிக்கும் Flow ஐந்து முதல் எட்டு சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஒரே நிறத்தால் நெற்றி முழுவதும் பூசினால் மறுபடியும் பொம்மைதான். நான்கைந்து தீற்றலுக்கு ஒரு முறை பக்கத்திலேயே புது நிறம் எடுக்க வேண்டும். நிறம் எடுக்கும் கருவியின் Sample என்ற இடத்தில் Current & Below இருக்க வேண்டும். All Layers என்று இருந்தால் மேல் லேயரின் துளை நிழலும் சேர்ந்து வந்து, ஒவ்வொரு தீற்றலும் ஒரு நிறமாகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்கே நிறுத்துவது? மூக்கின் மேட்டில் ஓடும் கோடும் நுனியில் இருக்கும் புள்ளியும் முழுதாகப் போனால் மூக்கு தட்டையாகிவிடும். நான் பாதியளவு குறைத்ததும் கையை எடுத்துவிடுகிறேன். பிறகு எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு Hue/Saturation லேயர் போட்டு நிறச்செறிவை அறுபது வரை ஏற்றிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தப்பிய சாம்பல் திட்டு அங்கே பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். பார்த்த பிறகு அந்த லேயரை நீக்கிவிடலாம்.

ஆனால் இத்தனையும் பிரிக்கும்போதே, கீழ் லேயரை உருவாக்கப் போடும் பிளரின் அளவு சரியாக அமைந்திருந்தால்தான். முகம் மயிர்க்கோட்டிலிருந்து தாடை வரை இரண்டாயிரம் பிக்சல் உள்ள படத்துக்கு நான் பத்து பிக்சல் வைக்கிறேன். துளைகள் மறைந்து, மூக்கின் வடிவம் நிற்கும் இடம் அது. அளவு மிகுந்தால் பளபளப்பின் ஒரு பகுதி மேல் லேயருக்கு ஏறிவிடும். கீழே எவ்வளவு பூசினாலும் அது அசையாது. நண்பரின் படத்தில் முப்பது இருந்தது. எங்கிருந்தோ இறக்கிய, படிகளைத் தானாகவே ஓட்டும் ஆக்‌ஷன், எந்தப் படத்துக்கும் அதே முப்பது. எழுதியவர் கையில் கிடைத்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

இந்த முறையால் ஆகவே ஆகாத காரியமும் உண்டு. மூன்று நிறங்களும் உச்ச அளவான 255ஐத் தொட்டு வெந்துபோன இடத்தில் துளை என்பதே பதிவாகியிருக்காது. அங்கே நிறம் பூசினால் வழவழப்பான தேமல்தான். மேல் லேயரில் ஹீலிங் பிரஷ்ஷை Current Layer என்று வைத்து, நெற்றிக்கு நெற்றியிலிருந்தும் மூக்குக்கு மூக்கின் பக்கவாட்டிலிருந்தும் துளைகளைக் கடன் வாங்க வேண்டும். கன்னத்துத் துளையை மூக்கில் ஒட்டியதை ஒரு முறை வாடிக்கையாளரே சுட்டிக்காட்டினார்.

நியாயமாகச் சொன்னால், துளைகளைத் தொடாமல் நிறத்தை மட்டும் திருத்த இவ்வளவு வசதியான வழியை வேறெதிலும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் நண்பருக்கு "விட்டுவிடுங்கள்" என்றுதான் பதில் எழுதினேன். ஒரு நெற்றிக்கு நாற்பது நிமிடம். படம் எடுக்கும் முன் எண்ணெய் உறிஞ்சும் தாளால் ஒற்றியிருந்தால் பத்து நொடி. அவர் உடனே திருப்பிக் கேட்டார்: "நீங்கள் விட்டுவிட்டீர்களா?" அந்த நேரத்தில் என் திரையில் ஒன்பது நெற்றிகள் காத்திருந்தன. பதில் இன்னும் அனுப்பவில்லை.